250 டன்னா, 2,430 டன்னா? ஒரு பனியன் ஆலையின் உமிழ்வு, கழிவு அட்டவணைகளை எப்படிப் போடுவது

திருப்பூரில் கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் மட்டும் செய்கிற ஓர் ஏற்றுமதி ஆலையை எடுத்துக்கொள்வோம். துணி வெளியிலிருந்து வருகிறது, சாயம் ஜாப் வொர்க்கில் போகிறது. ஐரோப்பிய பையர் நிலைத்தன்மை அறிக்கை கேட்டிருக்கிறார். முதலாளி இரண்டு ஆலோசகர்களிடம் அதே கணக்குகளைக் கொடுத்து, இரண்டு வரைவுகள் வாங்கியிருக்கிறார். ஒன்றில் ஆண்டு கார்பன் உமிழ்வு 250 டன். இன்னொன்றில் 2,430 டன். கழிவு ஒன்றில் 34 டன், மற்றதில் 134 டன்.

"ஏனுங்க, ஒரே ஃபேக்டரி, ஒரே வருஷம், ஒரே பில்லு. பத்து மடங்கு எப்படிங்க மாறும்? இதுல எதை அனுப்புறது?"

இந்த மாதிரி வேலையில் இருக்கிற எனக்கு இந்தக் கேள்வி பழகிய ஒன்று. எண்களை எளிதாகப் பார்ப்பதற்காக இந்த ஆலையை நானே அமைத்துக்கொண்டேன். ஆனால் இதில் வரும் ஒவ்வொரு சிக்கலும் நிஜ மேசைகளில் பார்த்ததுதான். இரண்டு வரைவிலும் பெருக்கல், கூட்டல் தவறில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவில்தான் இரண்டும் பிரிகின்றன. அந்த முடிவுகள் நான்கு: காற்றாலை, விறகு, சாயப்பட்டறை, கட்டிங் வேஸ்ட்.

அதற்கு முன் ஒரு பயத்தை எடுத்துவிடலாம். ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி இப்போது சிமெண்ட், இரும்பு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்குத்தான். பனியனுக்கு இல்லை. இந்த அட்டவணையில் எண் கூடினால் துறைமுகத்தில் வரி கூடும் என்று நினைத்து எண்ணைக் குறைக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அவசியமில்லை. பையர் இந்த எண்ணைக் கேட்பது தன் கணக்குக்காக. உங்கள் ஆலையின் புகை, அவர் வாங்கும் சரக்கின் புகை. அவருடைய அறிக்கையில் அது மூன்றாம் ஸ்கோப்பில் போய் உட்காரும்.

ஸ்கோப் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். உங்கள் காம்பவுண்டுக்குள் நீங்கள் எரிப்பது ஸ்கோப் 1. நீங்கள் வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ எரிவது ஸ்கோப் 2. உங்களுக்காக மற்றவர்கள் செய்யும் வேலையில் எரிவது ஸ்கோப் 3.

காற்றாலை: எந்த எண், எத்தனை யூனிட்

ஆலை ஆண்டுக்கு 8,00,000 யூனிட் மின்சாரம் செலவழிக்கிறது. முதலாளிக்கு இரண்டு காற்றாலைகள். உடுமலைப் பக்கம் இருப்பதன் மின்சாரம், மின்வாரியக் கம்பி வழியே கொண்டுவரும் வீலிங் முறையில் சொந்த ஆலைக்கு வருகிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் இருக்கும் பழைய காற்றாலை மின்வாரியத்துக்கே விற்கிறது.

மின்சார உமிழ்வை இரண்டு விதமாகப் போடலாம். முதல் விதம், இடம் சார்ந்த கணக்கு. உங்கள் ஆலை நிற்கிற மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக எவ்வளவு புகை என்று பார்த்து, மொத்த யூனிட்டையும் அதனால் பெருக்குவது. மத்திய மின் ஆணையத்தின் 2023-24 சராசரி யூனிட்டுக்கு 0.727 கிலோ. 8,00,000 யூனிட்டுக்கு 581.6 டன். உங்களுக்குக் காற்றாலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த எண் மாறாது.

இரண்டாவது விதம், ஒப்பந்தம் சார்ந்த கணக்கு. நீங்கள் யாரிடமிருந்து, எந்த ஒப்பந்தத்தில் மின்சாரம் பெறுகிறீர்கள் என்று பார்ப்பது. சொந்தக் காற்றாலையிலிருந்து வீலிங்கில் வந்தது 5,00,000 யூனிட் என்றால் அதற்குப் பூஜ்யம். மீதி 3,00,000 யூனிட்டுக்கு மட்டும் 218.1 டன்.

முதல் வரைவு 218 மட்டும் போட்டது. இரண்டாவது 581.6 மட்டும் போட்டது. இரண்டும் பாதிதான். உலகம் முழுவதும் பின்பற்றப்படும் கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகாலின் 2015 வழிகாட்டுதல், பசுமை மின்சாரச் சான்றுகளும் ஒப்பந்தங்களும் புழங்கும் நாடுகளில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுக்கச் சொல்கிறது. இந்தியாவும் அப்படிப்பட்ட நாடு. சிறிய எண்ணை மட்டும் கொடுத்தால், ஆலை எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பது மறைந்துவிடும். பெரிய எண்ணை மட்டும் கொடுத்தால், காற்றாலைக்குப் போட்ட பணத்துக்கு அறிக்கையில் இடமே இல்லாமல் போகும். முதலாளிக்கு இது முதலில் உவப்பாக இல்லை. "நல்ல எண்ணு ஒண்ணு இருக்கும்போது கெட்டதையும் ஏன் காட்டணும்?" என்றார். பையரின் ஆள் 8,00,000 யூனிட்டை வேறொரு பக்கத்தில் பார்த்து, தானே பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் மெயில் போடுவார். அந்த மெயிலுக்குப் பதில் எழுதுவதைவிட, அட்டவணையில் ஒரு வரி கூடுதலாகப் போடுவது எளிது.

ஆனால் அந்த 5,00,000 எங்கிருந்து வந்தது என்பதில் தப்பு நடக்கும் இடம் இன்னொன்று இருக்கிறது. காற்றாலையின் மீட்டர் 5,60,000 யூனிட் காட்டுகிறது. முதல் வரைவுக்காரர் முதலில் அதைத்தான் எடுத்திருந்தார். மின்பாதை இழப்பாகவும், உபரியை மின்வாரியத்தில் சேர்த்து வைக்கும் பேங்கிங் வகையிலும் கழித்தது போக, ஆலையின் உயர் அழுத்த பில்லில் உண்மையில் ஈடுகட்டப்பட்டது 5,00,000 மட்டும். காற்று அடிப்பது மே முதல் செப்டம்பர் வரை, ஆலை ஓடுவது வருடம் முழுக்க. அதனால் இந்த இரண்டு எண்களும் சமமாக இருக்கவே இருக்காது. ஈடுகட்டப்படாமல் மின்வாரியத்துக்கு விற்பனையாகிப் போன யூனிட்டுகளை நம்முடையது என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு மாத பில்களில் ஈடுகட்டல் வரியை மட்டும் கூட்டுங்கள், போதும்.

அப்புறம் அந்தப் பழைய காற்றாலை. "அதுவும் என் காற்றாலைதானே?" ஆமாம், ஆனால் அதன் மின்சாரத்தை விற்றுவிட்டீர்கள். அந்தப் பசுமை மின்வாரியத்தின் கணக்கில் போய்விட்டது. ஒரு யூனிட்கூட இங்கே வராது. உடுமலைக் காற்றாலைக்கும் ஒரு நிபந்தனை உண்டு: அதற்குப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்று வாங்கி, அதைத் தனியே விற்றிருந்தால், பூஜ்யம் என்று சொல்லும் உரிமையும் சான்றோடு கை மாறிவிடும். ஒரே காற்றை இரண்டு பேர் கணக்கில் எழுத முடியாது. வீலிங் ஒப்பந்தம், பில்கள், சான்று எதுவும் விற்கவில்லை என்று ஆலையின் எழுத்துமூல உறுதி, இந்த மூன்றும் கோப்பில் இருக்க வேண்டும்.

விறகு பூஜ்யமா?

அயர்னிங் நீராவிக்கு ஆலை ஆண்டுக்கு 300 டன் விறகு எரிக்கிறது, பெரும்பாலும் சீமைக்கருவேலம். முதல் வரைவு இதைப் பூஜ்யம் என்று எழுதி, பெயரையே விட்டுவிட்டது. மரம் வளரும்போது இழுத்த கார்பன்தானே திரும்பப் போகிறது என்பது வாதம். அதில் பாதி உண்மை.

300 டன் விறகு எரிந்தால் சுமார் 525 டன் கார்பன் டை ஆக்சைடு வரும். அதை ஸ்கோப் 1 கூட்டலில் சேர்க்கக் கூடாது, அதே சமயம் மறைக்கவும் கூடாது. கூட்டலுக்குக் கீழே உயிரியல் மூல உமிழ்வு என்று தனி வரியாக எழுத வேண்டும். விறகு முழுதாக எரியாமல் வரும் மீத்தேனும், நைட்ரஸ் ஆக்சைடும் மரம் திரும்ப இழுக்காத வாயுக்கள். அவை ஸ்கோப் 1-இல் சேரும். 300 டன்னுக்கு இது சுமார் 9 டன்தான் வருகிறது. சின்ன எண். ஆனால் அந்த வரி இல்லாவிட்டால், தயாரித்தவர் பாய்லரையே மறந்துவிட்டார் என்று படிப்பவர் நினைப்பார். ஜெனரேட்டர் டீசல் 12,000 லிட்டர், லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 32 டன். ஆக ஸ்கோப் 1 மொத்தம் 41 டன்.

சாயப்பட்டறை: பெரிய எண் இங்கேதான்

இரண்டு வரைவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கிருந்து வருகிறது. இதற்கு நேரம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆலையின் 500 டன் துணி ஜாப் வொர்க்கில் சாயத்துக்குப் போகிறது. தையல் ஆலையில் மெஷினும் விளக்கும் ஓடுகின்றன. சாயப்பட்டறையிலோ தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள், துணியைக் காய வைக்கிறார்கள், கழிவுநீரைக் கடைசிச் சொட்டு வரை ஆவியாக்குகிறார்கள். 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத முறையில்தான் திரும்பத் திறந்தன. நொய்யல் ஆற்றுக்கு அது அவசியமாக இருந்தது. ஆனால் ஆவியாக்கும் வேலைக்கு எரிபொருளும் மின்சாரமும் நிறையப் போகின்றன. தண்ணீருக்குச் செய்த நன்மை கார்பன் கணக்கில் ஏறி நிற்கிறது.

இதை எழுத மூன்று வழிகள் உண்டு. ஒன்று, விட்டுவிடுவது. முதல் வரைவு அதைத்தான் செய்தது. இரண்டு, ஒரு கிலோ துணிக்கு இவ்வளவு என்று ஏதாவது தரவுத்தளத்தின் சராசரியைப் போடுவது. மூன்று, சாயப்பட்டறையின் உண்மையான எரிபொருள், மின்சாரக் கணக்கை வாங்கி நம் பங்கைப் பிரிப்பது.

மூன்றாவது வழியை இந்த ஆலைக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டறை ஆண்டுக்கு 2,500 டன் துணி போடுகிறது. அதில் நம்முடையது 500, ஐந்தில் ஒரு பங்கு. நிலக்கரி 3,000 டன், டன்னுக்குச் சுமார் 1.8 வீதம் 5,400 டன் உமிழ்வு. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அதன் பங்கையும் சேர்த்து மின்சாரம் 50 லட்சம் யூனிட், அதற்கு 3,635 டன். மொத்தம் 9,035 டன். நம் பங்கு 1,807 டன். ஆலை முழுவதும் சேர்ந்து வெளியிடுவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

இதைப் பார்த்ததும் முதலாளிக்கு முகம் மாறியது. "என் ஃபேக்டரில வராத புகைக்கு நான் எதுக்குங்க கணக்குக் காட்டணும்?" நியாயமான கேள்வி. இந்த எண்ணை விட்டுவிட்டாலும் பையர் சும்மா இருக்க மாட்டார். சாயம் போடாமல் கலர் பனியன் வராது என்று அவருக்குத் தெரியும். அவரே ஒரு சராசரியை எடுத்துப் போட்டுக்கொள்வார். அந்தச் சராசரிக்கு உங்கள் பட்டறை நிலக்கரியிலிருந்து விறகுக்கு மாறியது தெரியாது, ஆவி திரும்பப் பிடிக்கும் குழாய் போட்டது தெரியாது. அடுத்த வருடம் பட்டறைக்காரர் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் எண் அசையாது. பில்லிலிருந்து வந்த எண் மட்டும்தான் அசையும். என் கருத்தில் மூன்றாவது வழிதான் சரி, இதற்காகச் சாயப்பட்டறைக்காரரோடு இரண்டு நாள் உட்கார வேண்டியிருந்தாலும்.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். எடைப்படி பிரிப்பது வசதி, ஆனால் முழு நியாயம் இல்லை. கறுப்பு, நேவி போன்ற அடர் நிறங்களுக்குக் கழுவல் அதிகம், சூடு அதிகம். நீங்கள் வெளிர் நிறமே அதிகம் போடுபவர் என்றால், அடர் நிறக்காரரின் புகையில் கொஞ்சம் உங்கள் தலையில் விழும். நிறவாரியாகப் பேட்ச் கணக்கு பட்டறையில் இருந்தால் அதை வைத்துப் பிரிக்கலாம். இல்லாவிட்டால் எடைப்படி பிரித்தது என்று அடிக்குறிப்பு போட்டுவிட வேண்டும்.

இரண்டாவது வரைவில் ஒரு தப்பு இருந்தது. அது ஸ்கோப் 1, 2 சேர்ந்த 623 டன்னையும் சாயத்தின் 1,807 டன்னையும் கூட்டி, ஆலையின் உமிழ்வு 2,430 டன் என்று ஒரே எண்ணாகப் போட்டுவிட்டது. நூல் இல்லை, பருத்தி இல்லை, கப்பல் இல்லை, சாயம் மட்டும் சேர்த்த கூட்டல் அது. அதை முழு எண் என்று சொல்லவும் முடியாது, ஆலையின் எண் என்று சொல்லவும் முடியாது. ஸ்கோப் 3-இல் சாயம் மட்டும் கணக்கிடப்பட்டது என்று எழுதி, கூட்டாமல் தனி வரியில் வைக்க வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு திருப்பூரில் அடிக்கடி வரும். சாயப்பட்டறை வேறு கம்பெனி பெயரில், தம்பி பெயரில் இருக்கும். ஆனால் மேனேஜரை வைப்பதும் எடுப்பதும், பாய்லர் மாற்றுவதும் அண்ணன் முடிவு. அப்படியானால் அது ஜாப் வொர்க் அல்ல. நிர்வாகக் கட்டுப்பாடு உங்களிடம் இருந்தால் அதன் நிலக்கரி முழுவதும் உங்கள் ஸ்கோப் 1, மின்சாரம் முழுவதும் ஸ்கோப் 2. பெயர்ப் பலகையை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது.

கட்டிங் வேஸ்ட்: விற்றால் கழிவு இல்லையா?

கழிவு அட்டவணைக்கு வருவோம். முதல் வரைவில் 34 டன். அட்டைப்பெட்டி, பாலிதீன், கோன் 15 டன், கேன்டீன் உணவுக் கழிவு 6 டன், பாய்லர் சாம்பல் 8 டன், தூசி, பஞ்சு, கலப்புக் குப்பை 5 டன். கட்டிங் வேஸ்ட் ஒரு கிலோகூட இல்லை. "அதை விக்கிறோம், காசு வருது. குப்பைன்னு எப்படிச் சொல்றது?" என்பது முதலாளியின் வாதம், ஆலோசகரும் அதற்குத் தலையாட்டிவிட்டார்.

இதைக் கண்டுபிடிக்க யாரும் ஆலைக்கு வர வேண்டியதில்லை. உள்ளே வந்த துணி 500 டன், கப்பல் ஏறிய பனியன் 400 டன். மீதி 100 டன் எங்கே? சரிபார்ப்பவர் முதலில் போடும் கழித்தல் இதுதான். நிலைத்தன்மை அறிக்கைகளுக்கான உலகத் தரமான ஜி.ஆர்.ஐ.-யில் கழிவுக்கு உள்ள பகுதி 306. அந்த அட்டவணையில் விற்ற கழிவும் கழிவுதான். முதலில் மொத்தமாக எவ்வளவு உண்டானது என்று எழுதி, அப்புறம் எவ்வளவு மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ போனது, எவ்வளவு எரிக்கவோ புதைக்கவோ போனது என்று பிரிக்க வேண்டும். விற்றதற்கான நல்ல பெயர் அந்த இரண்டாவது வரியில் கிடைக்கும்.

இரண்டாவது வரைவு 134 டன் என்று சரியாகப் போட்டது. ஆனால் கட்டிங் வேஸ்ட் 100 டன்னையும் மறுசுழற்சி என்று எழுதி, 90 சதவீதம் என்று தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டது. ஆதாரம்? வேஸ்ட் வியாபாரிக்குப் போட்ட இன்வாய்ஸ்.

இன்வாய்ஸ் காட்டுவது விற்பனையை மட்டும்தான், மறுசுழற்சியை அல்ல. வேஸ்ட் குடோனுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே எல்லாம் ஒரே விலையில் போவதில்லை. வெள்ளைப் பருத்தி நல்ல விலைக்கு ஓப்பன் எண்ட் மில்லுக்குப் போய் மறுபடி நூலாகிறது. கலர் பருத்தியும் அப்படியே, கொஞ்சம் குறைந்த விலையில். லைக்ரா கலந்ததும் பாலியெஸ்டர் கலந்ததும் நூலாகப் பிரிவது கடினம். சில துண்டு மெஷின் துடைக்கும் துணியாகும், சில மெத்தைக்குள் போகும், சில ஏதோ ஒரு பாய்லரில் எரியும். எரிந்தால், அந்த நெருப்பில் நீராவி கிடைத்திருந்தாலும், ஜி.ஆர்.ஐ. அட்டவணையில் அது அகற்றல் பக்கம்தான்.

நம் ஆலையின் விற்பனைச் சீட்டில் விலை வாரியாகப் பார்த்தால் வெள்ளை 30 டன், கலர் பருத்தி 45 டன், கலப்பு 25 டன். முதல் இரண்டுக்கும் வியாபாரியிடமிருந்து மில்லின் பெயர் போட்ட சீட்டு வாங்கலாம். கலப்புக்கு அவராலேயே சொல்ல முடியவில்லை. அந்த 25 டன்னை மறுசுழற்சியில் சேர்க்கக் கூடாது. அகற்றல் பக்கம் வைத்து, போகுமிடம் உறுதியாகவில்லை என்று எழுத வேண்டும். 75, அட்டைப்பெட்டி வகை 15, உரமாகும் உணவுக் கழிவு 6, ஆக 96 டன். 134-இல் 72 சதவீதம்.

ஜெனரேட்டரின் பழைய எண்ணெய் 150 லிட்டர்தான் என்றாலும் அபாயகரக் கழிவு வரியில் தனியாக வர வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஜூன் 30-க்குள் போகும் படிவம் 4-இல் அதே அளவு இருக்க வேண்டும். அங்கே லிட்டர், இங்கே டன் என்று மாற்றும்போது புள்ளி தவறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். சாயப்பட்டறையின் கசடும் கலப்பு உப்பும் இந்த அட்டவணையில் வராது, அவை பட்டறையின் கழிவு. ஆனால் சாயக் கழிவு எங்கே போகிறது என்று அட்டவணைக்கு மேலே ஒரு பத்தி எழுதுங்கள். நொய்யல் கதை தெரிந்த பையர் அதைத் தேடுவார்.

கடைசியில் அனுப்பிய அட்டவணை

| வரி | முதல் வரைவு | இரண்டாம் வரைவு | அனுப்பியது |
|---|---|---|---|
| ஸ்கோப் 1 (டன்) | 32 | 41 | 41 |
| ஸ்கோப் 2, இடம் சார்ந்தது | இல்லை | 582 | 582 |
| ஸ்கோப் 2, ஒப்பந்தம் சார்ந்தது | 218 | இல்லை | 218 |
| விறகு, தனி வரி | இல்லை | இல்லை | 525 |
| ஸ்கோப் 3, சாயம் மட்டும் | இல்லை | மொத்தத்தில் கூட்டியது | 1,807, தனியாக |
| மொத்தக் கழிவு | 34 | 134 | 134 |
| மறுசுழற்சி | 62% | 90% | 72% |

கிலோ கணக்கில் ஒரு வரி கீழே சேர்த்தோம். ஸ்கோப் 1, 2 இரண்டையும் 400 டன் பனியனால் வகுத்தால், இடம் சார்ந்த கணக்கில் கிலோவுக்கு 1.56 கிலோ, ஒப்பந்தம் சார்ந்ததில் 0.65 கிலோ. ரூபாய்க்கு இவ்வளவு என்று போட வேண்டாம் என்றேன். டாலர் ஏறினாலே அந்த எண் குறைந்து நல்லதாகத் தெரியும், ஆலையில் எதுவும் மாறியிருக்காது. கிலோ எண்ணுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: ஆர்டர் குறைந்த வருடத்தில் விளக்கும் கம்ப்ரசரும் அதே அளவு ஓடும், அதனால் கிலோவுக்கான எண் ஏறும். அந்த வருடம் வந்தால் அதை அப்படியே விளக்கி எழுத வேண்டும்.

அறிக்கை போன மூன்றாம் வாரம் பையரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: அந்த 25 டன் லைக்ரா கலப்பு. முதலாளி மெயிலைப் படித்துவிட்டு கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு, லைக்ரா துண்டுகளுக்குத் தனி மூட்டை கட்டச் சொன்னார். அடுத்த லோடு எந்த இடத்தில் இறங்குகிறது என்று பார்க்க வியாபாரியின் வண்டியோடு ஓர் ஆளை அனுப்பவும் ஏற்பாடு செய்தார்.